52-க்கும் 53-க்கும் நடுவில் விழுந்த முட்டை

நாமக்கல் வட்டாரத்தில் முட்டையை எண்ணித்தான் விற்கிறார்கள். ஒரு அட்டைத் தட்டில் முப்பது. ஒரு முட்டைக்கு இத்தனை ரூபாய், இத்தனை காசு என்று மண்டல விலை அறிவிக்கப்படுகிறது. ஆனால் எடை பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் முட்டையையும், பெட்டியின் மேல் தரம் அச்சிட்டு விற்கும் முட்டையையும் தராசில் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரிப்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கால்நடைப் பாடப்புத்தகங்களிலும் பண்ணைக் கையேடுகளிலும் பல ஆண்டுகளாக அச்சாகி வரும் அக்மார்க் எடைப் பட்டியல் அது. 60 கிராமும் அதற்கு மேலும் என்றால் மிகப் பெரியது. 53 முதல் 59 வரை பெரியது. 45 முதல் 52 வரை நடுத்தரம். 38 முதல் 44 வரை சிறியது.

படித்தவுடன் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். இப்போது 52.6 கிராம் எடையுள்ள ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பட்டியலிடம் கேளுங்கள், இது என்ன தரம் என்று. 52 வரைதான் நடுத்தரம், 52.6 அதைத் தாண்டிவிட்டது. 53-இல் தொடங்குவதுதான் பெரியது, 52.6 அதை இன்னும் எட்டவில்லை. ஆக இந்த முட்டைக்குத் தரமே இல்லை! கோழி இட்டுவிட்டது, தராசு காட்டுகிறது, பட்டியல் மட்டும் "நீ யார்?" என்று கேட்கிறது. 59.8 கிராம் முட்டைக்கும் இதே கதிதான். 44.7-க்கும் இதே கதிதான்.

இதைச் சொன்னால் பெரும்பாலோர் சிரிப்பார்கள். "அரை கிராமுக்கு ஒரு கட்டுரையா?" என்பார்கள். அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. அசமன்பாடு என்ற பாடத்தை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் எப்படி நடத்துகிறார்கள்? குறிக்கு அடியில் கோடு இருந்தால் எண்கோட்டில் புள்ளியை நிரப்பு. கோடு இல்லாவிட்டால் வெறும் வட்டம் போடு. அவ்வளவுதான். கோடு ஏன் இருக்கிறது, இல்லாமல் போனால் யாருக்கு என்ன ஆகும் என்ற பேச்சே கிடையாது. மாணவன் அதை ஓவியப் பாடம் போலக் கற்றுக்கொள்கிறான். மறந்து ஒரு மதிப்பெண் போனால், "ஒரு புள்ளிக்காகவா?" என்று கோபப்படுகிறான். அவனே பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் தயாரிக்கிறான். அந்தப் பட்டியலில் 52-க்கும் 53-க்கும் நடுவில் ஒரு முட்டை விழுந்து காணாமல் போகிறது.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. x < 53 என்பது 53-ஐ உள்ளே விடாத குறி. இதைக் கண்டிப்பான அசமன்பாடு என்கிறார்கள். x ≤ 53 என்பது "53-ஐ விடச் சிறியது, அல்லது 53-க்குச் சமம்" என்று இரண்டு வாக்கியங்களை "அல்லது" போட்டுச் சேர்த்தது. இரண்டில் ஒன்று உண்மையானால் போதும், முழுதும் உண்மை. அதனால்தான் 53 ≤ 53 என்பது உண்மை. 53 < 53 என்பது பொய். இந்த இரண்டு குறிகளும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. < மற்றும் > என்ற குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்த பிறகு, 1631-இல் அச்சேறின. அவற்றோடு அடியில் சமக்குறியைச் சேர்த்த வடிவத்தை பியர் பூகே 1734-இல் பயன்படுத்தினார். இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல். "பெரியது" என்று சொல்வதும் "பெரியது அல்லது சமம்" என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள் என்பதால்தான் தனியாக ஒரு குறி தேவைப்பட்டது.

இனி முட்டைப் பட்டியலுக்குத் திரும்புவோம். தவறு எங்கே நடந்தது? "53 முதல் 59 வரை" என்பது எண்ணும் பொருளுக்கான மொழி. தட்டில் இருக்கும் முட்டைகளை எண்ணும்போது 59-க்கு அடுத்தது 60. நடுவில் எதுவும் இல்லை. அங்கே n > 59 என்று எழுதினாலும் n ≥ 60 என்று எழுதினாலும் ஒன்றேதான். முழு எண்களில் மட்டும் கண்டிப்பான குறியை ஒரு எண் தள்ளிக் கண்டிப்பில்லாத குறியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடை எண்ணப்படுவதில்லை, அளக்கப்படுகிறது. 59 கிராமுக்கு அடுத்த எடை எது என்று யாராலும் சொல்ல முடியாது. 59.1 என்றால் அதற்கு முன்னால் 59.05 இருக்கிறது. இங்கே w > 59 என்பதும் w ≥ 60 என்பதும் ஒன்றல்ல. எண்ணுவதற்கான மொழியை அளப்பதற்குப் பயன்படுத்தினால், ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கிராம் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும்.

"தராசு முழு கிராமைத்தானே காட்டுகிறது, பள்ளம் எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் தராசு பள்ளத்தை மூடவில்லை, மறைக்கிறது. 52.6-ஐ அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் தராசு 53 என்று காட்டும்; அப்போது அது பெரிய முட்டை. தசமத்தை வெட்டிவிடும் தராசு 52 என்று காட்டும். அப்போது அதே முட்டை நடுத்தரம். முதல் தராசில் "53 முதல் 59 வரை" என்பதன் உண்மைப் பொருள் 52.5 ≤ w < 59.5. இரண்டாவது தராசில் அதன் பொருள் 53 ≤ w < 60. ஒரே பட்டியல், ஒரே முட்டை, இரண்டு தரம். எது சரி என்று பட்டியல் சொல்லவில்லை. பட்டியல் சொல்ல வேண்டியதைத் தராசு செய்த கம்பெனி தீர்மானிக்கிறது! பண்ணையாரிடம் ஒரு வகைத் தராசும் வியாபாரியிடம் இன்னொரு வகைத் தராசும் இருந்தால் சண்டை நிச்சயம். அந்தச் சண்டையில் இருவருமே பொய் சொல்லவில்லை.

பள்ளத்துக்கு நேர்மாறான தவறும் உண்டு. பள்ளம் வேண்டாம் என்று நினைத்து "53 முதல் 60 வரை பெரியது, 60 முதல் மிகப் பெரியது" என்று எழுதுவார்கள். இப்போது 60.0 கிராம் முட்டை இரண்டு வகையிலும் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கூட்டிப் பார்ப்பது. ஒரு தட்டு முட்டையை எடை போட்டு, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். பட்டியலில் பள்ளம் இருந்தால் முப்பது முட்டைக்கு 28 அல்லது 29 என்று கணக்கு வரும். மேலே மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் 31 வரும். 30 வந்தால் அந்தத் தட்டிலாவது எல்லைகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். எல்லை எண்களையும் அவற்றுக்கு ஒட்டிய எண்களையும் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது: 52, 52.6, 53, 59.8, 60.

சரியான எழுத்து என்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு எல்லை எண்ணிலும் சமக்குறி ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இல்லாமலும் போகக் கூடாது. கணினியில் எழுதினால் இப்படி:

```
if w >= 60:
    grade = "XL"
elif w >= 53:
    grade = "L"
elif w >= 45:
    grade = "M"
elif w >= 38:
    grade = "S"
else:
    grade = "none"
```

இதில் மேல் எல்லையை எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது வரிக்கு வரும் முட்டை முதல் வரியில் தோற்றுத்தான் வந்திருக்கிறது; அதாவது அது 60-க்குக் குறைவு என்பது ஏற்கெனவே தெரியும். ஆக இரண்டாவது வகை தானாகவே 53 ≤ w < 60 ஆகிவிடுகிறது. 52.6 நடுத்தரத்துக்குப் போகிறது, 59.8 பெரியதற்குப் போகிறது. சண்டைக்கு இடமில்லை. பட்டியலைப் பார்த்து அப்படியே `w >= 53 and w <= 59` என்று எழுதுகிறவர் பள்ளத்தையும் சேர்த்துக் கணினிக்குள் கொண்டு போகிறார்.

"இல்லை" என்று சொல்லும்போது குறி எப்படி மாறுகிறது என்பதுதான் இங்கே அடிப்படை. "60 அல்லது அதற்கு மேல்" என்பதன் மறுப்பு "60-க்குக் குறைவு". கண்டிப்பில்லாததை மறுத்தால் கண்டிப்பானது வரும். கண்டிப்பானதை மறுத்தால் கண்டிப்பில்லாதது வரும். முட்டையை ஏற்றிப் போகும் லாரிக்கும் இதுதான் விதி. 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு கொண்ட சாதாரண லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பது, பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையை மிஞ்சுவதை. மிஞ்சினால் குற்றம், அதாவது W > 18500 கிலோ. அப்படியானால் குற்றமில்லாத பக்கம் W ≤ 18500. எடை மேடையில் சரியாக 18500 காட்டும் லாரி விதிக்குள்தான் இருக்கிறது. "18.5 டன்னுக்குக் குறைவாக ஏற்ற வேண்டும்" என்று ஒருவர் அதை வாய்மொழியாகச் சொன்னால், சட்டத்தில் இல்லாத ஒரு விதியைச் சொல்கிறார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அது படித்தவர்களிடமிருந்து வருவது. "எடை தொடர்ச்சியான அளவு. ஒரு முட்டை மிகச் சரியாக 53.000... கிராம் இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே ≥ போட்டாலும் > போட்டாலும் நடைமுறையில் ஒன்றுதான்" என்பார்கள். காகிதத்தில் இது சரி. தராசின் முன் இது தவறு. முழு கிராம் காட்டும் தராசில் 53 என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு கிராம் அகலமுள்ள பட்டை. அந்தப் பட்டையில் விழும் எல்லா முட்டைகளுக்கும் தராசு 53 என்றே காட்டும். ஒரு தட்டில் மூன்று முட்டைகளுக்கு 53 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ≥ என்றால் மூன்றும் பெரியவை. > என்றால் மூன்றும் நடுத்தரம். ஒரு சின்னக் கோட்டை விட்டதால் தட்டில் பத்தில் ஒரு பங்கு தரம் இறங்கிவிட்டது! பத்தாயிரம் முட்டைக்கு ஆயிரம். தரத்துக்குத் தரம் இருபது காசு வித்தியாசம் என்று ஒப்பந்தம் பேசியிருந்தால் ஒரு சரக்குக்கு 200 ரூபாய். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்கினால் அந்தப் பட்டை சுருங்கும், ஆனால் மறையாது. அளக்கும் கருவி எவ்வளவு முரடோ, விட்டுப்போன கோடு அவ்வளவு விலை உயர்ந்தது.

இனி வகுப்பறைப் பக்கம். "கோடு இருந்தால் நிரப்பு" என்ற மனப்பாட விதி பல கணக்குகளில் சரியான விடையைக் கொடுப்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறது. அது உடையும் இடம் ஒன்றைப் பாருங்கள். ஒரு வண்டி வாடகை 5400 ரூபாய். n முட்டை ஏற்றினால் ஒரு முட்டைக்கு வாடகை 5400/n ரூபாய். எத்தனை முட்டை ஏற்றினால் இந்தச் செலவு 30 காசும் அதற்கு மேலும் ஆகும்?

5400/n ≥ 0.30

எல்லை எண்கள் இரண்டு. ஒன்று 18000, ஏனென்றால் 5400-ஐ 18000-ஆல் வகுத்தால் சரியாக 0.30. இன்னொன்று 0, அங்கே பின்னத்தின் அடி பூச்சியமாகிறது. மனப்பாட விதிப்படி குறிக்கு அடியில் கோடு இருக்கிறது. ஆகவே இரண்டு புள்ளிகளையும் நிரப்பிவிட வேண்டும். விடைத்தாள்களில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆனால் உண்மையான தீர்வு 0 < n ≤ 18000. ஒரு முனை திறந்தது, மறுமுனை மூடியது. குறியோ ஒன்றே ஒன்று! 18000-ஐப் போட்டால் 0.30 ≥ 0.30, உண்மை, உள்ளே வரலாம். 0-வைப் போட்டால் வாக்கியமே நிற்கவில்லை. முட்டையே ஏற்றாத வண்டிக்கு "ஒரு முட்டைக்கு எவ்வளவு" என்ற கேள்வியே கிடையாது. சமக்குறி அதை உள்ளே அழைத்துவர முடியாது.

ஆகவே விதி குறியைப் பார்ப்பதல்ல, போட்டுப் பார்ப்பது. எல்லை எண்ணை எடுத்து, முதலில் கொடுக்கப்பட்ட நிபந்தனையில் போடுங்கள். சுருக்கிய வரியில் அல்ல, முதல் வரியில். உண்மை வந்தால் அந்தப் புள்ளி தீர்வு கணத்தில் உண்டு. பொய் வந்தாலோ, வாக்கியம் அர்த்தமிழந்தாலோ இல்லை. சுருக்கிய வரியில் ஏன் போடக் கூடாது என்றால், இருபுறமும் n-ஆல் பெருக்கி 5400 ≥ 0.30n என்று எழுதியவுடனேயே பூச்சியத்தைத் தடுத்த பின்னம் காணாமல் போய்விடுகிறது. அதில் 0-வைப் போட்டால் 5400 ≥ 0 என்று "உண்மை" வந்து ஏமாற்றும். தவிர, n நேர்மறை என்று தெரிந்தால்தான் அப்படிக் குறியைத் திருப்பாமல் பெருக்கவே முடியும்.

இன்னொரு வழுக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. 5400 ≥ 0.30n என்பதை -0.30n ≥ -5400 என்று எழுதி, எதிர்மறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். திருப்புகிற அவசரத்தில் n < 18000 என்று கோட்டைத் தொலைத்துவிடுகிறவர்கள் உண்டு. திரும்புவது திசை மட்டும்தான். அடியிலுள்ள கோடு "சமம்" என்ற பேச்சு. சமமான இரண்டைப் பூச்சியம் அல்லாத எந்த எண்ணால் வகுத்தாலும் சமமாகவே இருக்கும். 18000 முட்டை என்பது சரியாக 600 தட்டு. கோட்டைத் தொலைத்தவர் அந்த 600-ஆவது தட்டைத் தீர்வுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டார்.

மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறிவிப்பு எழுதும் பெரியவர்களின் மொழியைப் பாருங்கள். "வரை" என்ற சொல்லுக்கு எல்லை உள்ளேயா வெளியேயா என்று ஒரு நிலையான பொருள் இல்லை. வெள்ளிக்கிழமை வரை பள்ளி என்றால் வெள்ளியும் பள்ளி உண்டு. பத்து மணி வரை கடை என்றால் பத்து மணிக்குப் போனவர் ஷட்டரைத்தான் பார்ப்பார். "நூறுக்குள்" என்பதும் அப்படியே. ஆனால் தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் போகவில்லை. "மிகாமல்" என்றால் ≤. "குறையாமல்" என்றால் ≥. "குறைவாக" என்றால் <. "மிகுந்தால்" என்றால் >. நான்கு குறிக்கும் நான்கு சொல் பழைய பத்திரங்களிலேயே புழங்குகின்றன. அவற்றை விட்டுவிட்டு "முதல் - வரை" என்று ஒரு சிறு கோட்டைப் போட்டுத் தப்பித்துக்கொள்வது சோம்பல்.

அந்தச் சோம்பல் ஆளையே வெளியே நிறுத்தும். வாக்குரிமை பற்றிய அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு கேட்பது பதினெட்டு வயதுக்குக் குறையாதவரை. அதாவது வயது ≥ 18. தகுதி நாள்களில் ஒன்றான ஜனவரி 1 அன்றே பதினெட்டு நிறையும் ஒருவர் சரியாக எல்லைப் புள்ளியில் நிற்கிறார், அவருக்கு உரிமை உண்டு. "18 வயதுக்கு மேற்பட்டோர்" என்று எழுதிய ஒரு தட்டியை அவர் எழுத்தெண்ணிப் படித்தால், தனக்கு இல்லை என்று திரும்பிப் போய்விடுவார். சட்டம் போட்ட கோட்டைத் தட்டி எழுதியவர் அழித்துவிட்டார்.

"ஒரு புள்ளிதானே" என்கிறவர்கள் அந்தப் புள்ளியில் யாரோ நிற்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். சில நேரம் அது பதினெட்டு நிறைந்த பெண், சில நேரம் 18500 கிலோ காட்டும் லாரி, சில நேரம் தராசில் 53 காட்டும் மூன்று முட்டைகள். எல்லை எண் எந்தப் பக்கம் என்று சொல்லாத பட்டியல் பாதி எழுதிய பட்டியல். மீதிப் பாதியைத் தராசும், வாங்குகிறவரும், அன்றைக்கு அங்கே யாருடைய குரல் உயர்ந்ததோ அவரும் எழுதி முடிப்பார்கள்.